நுண்ணெழுத்துப் பக்கத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படித்தல்

எலும்பு அடர்த்திக் குறைவுக்காகச் சிகிச்சை பெற்றுவரும் மூதாட்டி ஒருவர் சில மாதங்களுக்கு முன் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். வாரம் ஒருமுறை மட்டும் விழுங்க வேண்டிய 70 மி.கி. அலெண்ட்ரோனேட் மாத்திரை அவருக்கு எழுதித் தரப்பட்டிருந்தது. அதை எவ்வாறு உட்கொள்கிறீர்கள் என்று வழக்கம்போல் கேட்டோம். “காலையில எழுந்ததும் காப்பியோடதான். தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு? பேரன் படிச்சுச் சொன்னானே” என்றார். தாள் அவருடைய பையிலேயே இருந்தது. பேரனும் உடன் வந்திருந்தார். கல்லூரியில் பயிலும் இளைஞர். கண்ணில் குறையில்லை, பாட்டியின்மீது அக்கறையும் மிகுதி. எங்கள் முன்னிலையில் மீண்டும் அதே தாளைப் படித்தபோது, தாமே நின்று, முகம் சுருங்கி, “ஒரு வரியை விட்டுவிட்டேன்” என்றார்.

அம்மாத்திரையைக் காப்பியோடு உட்கொண்டால் மருந்து குடலில் உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறைந்துவிடும். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் பயன் சிறிதளவே கிடைத்திருக்கும். இத்தனைக்கும் தாளில் அச்சிட்டிருந்தது சரியாகவே இருந்தது.

விடுபட்ட வரி ஏன் அவருக்குத் தெரியவில்லை என்பதை முதலில் விளக்க வேண்டும். கீழே உள்ள பகுதி, அத்தகைய தாள்களில் உள்ள செய்திகளைக் கொண்டு இக்கட்டுரைக்காக நாங்கள் எழுதிய மாதிரி. விளக்கத்திற்காக வரி எண்களை இட்டிருக்கிறோம். உண்மையான தாளில் எண்கள் இரா. எழுத்தும் இதில் பாதியளவே இருக்கும்.

1. வாரத்தில் ஒரே நாளில், காலையில் எழுந்தவுடன், வெறும் வயிற்றில், ஒரு
2. மாத்திரையை ஒரு தம்ளர் நிறைய வெறும் தண்ணீருடன் அப்படியே விழுங்கவும்.
3. கடித்தோ பொடித்தோ உண்ண வேண்டா. காப்பி, தேநீர், பால் ஆகியவற்றுடன்
4. உட்கொள்ளக் கூடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அரைமணி கழித்து
5. உட்கொள்ளவும். மாத்திரையை விழுங்கியபின் 30 நிமிடங்கள் நிமிர்ந்து
6. உட்கார்ந்தோ நின்றோ நடந்தோ இருக்கவும். முதல் உணவு உண்ணும்வரை படுக்கக்
7. கூடாது. விழுங்கும்போது வலியோ புதிதாக நெஞ்செரிச்சலோ ஏற்பட்டால் மாத்திரையை
8. நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகவும். ஒரு வாரம் மறந்துவிட்டால், நினைவு வந்த
9. மறுநாள் காலையில் ஒரு மாத்திரையை விழுங்கவும். ஒரே நாளில் இரண்டு மாத்திரைகள்
10. உட்கொள்ளக் கூடாது. அடுத்த மாத்திரையை வழக்கமான நாளிலேயே
11. உட்கொள்ளவும்.

மூன்றாம் வரியை முடித்த கண், நான்காம் வரிக்குச் செல்லாமல் ஐந்தாம் வரிக்குச் சென்றதாகக் கொள்வோம். வாயில் வருவது என்ன? “காப்பி, தேநீர், பால் ஆகியவற்றுடன் உட்கொள்ளவும்.” இலக்கணப் பிழையில்லாத, தடங்கலின்றி ஓடும் வாக்கியம். படிப்பவருக்கும் ஐயம் எழாது, கேட்பவருக்கும் எழாது. ஒன்பதாம் வரியிலிருந்து பதினொன்றாம் வரிக்குத் தாவினால் இன்னும் மோசம்: “ஒரே நாளில் இரண்டு மாத்திரைகள் உட்கொள்ளவும்.”

தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருகிறது. “கூடாது”, “வேண்டா”, “இல்லை” என்னும் மறுப்பு அதற்கும் இறுதியில் வருகிறது. ஆகவே ஒரு வரி முடிவடைந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில், செய்க என்பதும் செய்யாதே என்பதும் பிரிந்துபோக வாய்ப்பு மிகுதி. மருந்துத் தாள்களில் ஒரே வினை பலமுறை வருவதால், அடுத்தடுத்த வரிகள் ஒரே சொல்லில் தொடங்குவதும் இயல்பு. மாதிரியில் 4, 5 ஆகிய வரிகளும் 10, 11 ஆகிய வரிகளும் அவ்வாறே தொடங்குவதைக் காணலாம். ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தவர்களையும் ஏமாற்றிய கண்ணி இது. ஒத்த சொல்லைக் கண்டதும் கண், தான் சேர வேண்டிய இடத்திற்குச் சேர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறது.

படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. சிறு சிறு தாவல்களாகச் சென்று, இடையிடையே நின்று பார்க்கிறது. வரியின் இறுதியை அடைந்ததும், ஒரு பெருந்தாவலில் இடப்புறம் திரும்பி, அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும். வரி நீளமாகவும் வரிகளுக்கிடையே இடைவெளி குறைவாகவும் இருந்தால் இத்தாவல் குறி தவறும். தாழ இறங்கினால் ஒரு வரி விடுபடும். போதிய அளவு இறங்காவிட்டால் படித்த வரியே மீண்டும் வரும். நல்ல பார்வை உடையவர்க்கும் இது நேரும். கண்புரை, விழித்திரைப் பாதிப்பு, பக்கவாதத்தால் ஏற்பட்ட பார்வைப்புல இழப்பு ஆகியவை உடையவர்க்கு அடிக்கடி நேரும்.

வாக்கியம் முடியும் இடத்தில் பிரித்தல்

பக்கத்தைப் பிரித்துப் படியுங்கள் என்று கூறினால், பெரும்பாலோர் தாளை நான்காக மடிக்கிறார்கள். அல்லது ஐந்து வரிக்கு ஒரு கோடு இழுக்கிறார்கள். இரண்டும் பாதி வேலையே. மாதிரியில் ஐந்து வரிக்கு ஒரு கோடு இட்டால், முதற்கோடு ஐந்தாம் வரிக்குக் கீழே விழும். அங்கே, நிமிர்ந்து இருக்க வேண்டும் என்னும் அறிவுரை நடுவில் வெட்டுப்படுகிறது. கோட்டைக் கண்டதும் கண் ஓய்வு கொள்கிறது. மனமும் பொருள் முடிந்துவிட்டதாகக் கருதுகிறது.

எனவே கோடு, வாக்கியம் முடிவுறும் முற்றுப்புள்ளியில் விழ வேண்டும். முற்றுப்புள்ளி வரியின் நடுவில் இருந்தால் கோட்டைப் படிக்கட்டுபோல் இழுக்கலாம். நான்காம் வரியைப் பாருங்கள். “உட்கொள்ளக் கூடாது” என்பது மேற்பகுதிக்கு உரியது. “சுண்ணாம்புச் சத்து” என்பதிலிருந்து கீழ்ப்பகுதி தொடங்குகிறது. வரியின் இடப்பக்க ஓரத்தில் தொடங்கி, “கூடாது” வரை அச்சொற்களுக்கு அடியில் கோடு இழுங்கள். முற்றுப்புள்ளியை அடைந்ததும் கோட்டை நேரே மேலே ஏற்றி, மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இடையே உள்ள வெளியில் வலப்பக்க ஓரம் வரை கொண்டுசெல்லுங்கள். மேற்பகுதியின் கடைசிச் சொற்கள் மேற்பகுதியோடும் கீழ்ப்பகுதியின் முதற்சொற்கள் கீழ்ப்பகுதியோடும் நின்றுவிடும்.

இம்முறையில் மாதிரி ஆறு பகுதிகளாகப் பிரிகிறது. முதலிரண்டு வரிகள், எப்போது எதனுடன் விழுங்குவது என்பதைக் கூறும் முதற்பகுதி. அடுத்தது நான்காம் வரியின் “கூடாது” வரை; செய்யத்தகாதவை அதில் உள்ளன. மூன்றாவது, சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் பற்றியது. நான்காவது, “நிமிர்ந்து” என்பதையும் “படுக்கக் கூடாது” என்பதையும் உள்ளடக்கி ஏழாம் வரியின் முதற்சொல்லோடு முடிகிறது. ஐந்தாவது, எச்சரிக்கை அறிகுறிகளைக் கூறுவது. ஆறாவது, மறந்துவிட்டால் செய்ய வேண்டியது. ஒவ்வொரு பகுதியின் இடப்புற ஓரத்திலும் 1 முதல் 6 வரை எண் இடுங்கள்.

கோடு இழுக்கும்போதே ஒருமுறை பக்கம் முழுவதையும் கண்ணால் தொட்டுவிடுகிறோம். அதுவும் ஒரு பயன். பொருளை அப்போது ஆராய வேண்டா. முற்றுப்புள்ளியை மட்டும் தேடிச் சென்றால் போதும். பென்சிலையே பயன்படுத்துங்கள். பேனா மை மெல்லிய தாளின் மறுபக்கத்தில் ஊறி, அங்குள்ள எழுத்தை மறைக்கும். மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளாயின் படியெடுத்துக்கொண்டு படியில் கோடிடுவது இன்னும் நல்லது. அத்தகைய தாள்கள் சில வேளைகளில் இரண்டு மூன்று பத்திகளாக அச்சிடப்பட்டிருக்கும். அங்கே பத்திகளுக்கு முதலில் வரிசை எண் இட்டுவிட வேண்டும். இல்லாவிடில் கண் முதற்பத்தியிலிருந்து நேராக அடுத்த பத்திக்குள் ஓடிவிடும்.

அட்டையை எங்கே வைப்பது

பகுதிக்குள்ளும் வரி தவறலாம். அதற்கு ஒரு வெற்று அஞ்சலட்டையே போதுமானது. ஆனால் அதை எங்கே வைப்பது என்பது அவரவர் செய்யும் பிழையைப் பொறுத்தது. வரியைத் தாண்டிவிடுகிறவர், படிக்கும் வரிக்குக் கீழே அட்டையை வைக்க வேண்டும். இனி வரவிருக்கும் வரிகள் மறைந்திருப்பதால் கண் தாழ இறங்க இடமில்லை. படித்த வரியையே மீண்டும் படிக்கிறவர், வரிக்கு மேலே வைக்க வேண்டும்; முடிந்தவை மறைந்துகொண்டே வரும். தாம் எவ்வகை என்று தெரியாதவர்கள், வீட்டிலுள்ள ஒருவர் தாளைப் பார்த்துக்கொண்டிருக்க, உரக்க ஒரு பக்கம் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரு பிழையும் உடையவர்களுக்கும், வெள்ளைத்தாளின் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது என்பவர்களுக்கும், சாளரம் வெட்டிய கறுப்பு அட்டை ஏற்றது. பளபளப்பில்லாத தடித்த கறுப்புத் தாளில், வரியின் நீளத்தைவிட ஒரு விரற்கடை மிகுதியாகவும், உயரம் ஏறத்தாழ ஒன்றரை வரியாகவும் ஒரு நீண்ட துளை வெட்டிக்கொள்ளுங்கள். உயரத்தை ஒரு வரிக்குச் சரியாக வெட்டினால் எழுத்துகளின் மேற்கொம்பும் கீழ்ச்சுழியும் மறைந்து, “கி” என்பதும் “கு” என்பதும் “க” போல் தோன்றும். இரண்டு வரிக்கு மேல் உயரம் விட்டால் அட்டை வைத்த பயனே போய்விடும்.

கையில் பிடிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்துவோர் வரியை இழப்பது பெரும்பாலும் திரும்பும் வழியில்தான். வரியின் இறுதியில் கண்ணாடியைத் தூக்கி, மீண்டும் இடப்புறத்தில் வைக்கிறார்கள். அது எந்த வரியில் இறங்கும் என்பது தற்செயலே. கண்ணாடியைத் தூக்காமல், படித்து முடித்த அதே வரியின் மீது பின்னோக்கி நகர்த்தி, தொடக்கத்தை அடைந்த பின் ஒரு வரி கீழே இறக்க வேண்டும். நேரம் சற்று மிகும். இரண்டு மூன்று நாட்களில் பழகிவிடும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்போர்க்கும் இதே இடர் உண்டு, ஏனெனில் பெரிதாக்கிய பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. முழுப்பக்கத்தையும் ஒரே படமாக எடுக்காமல், பென்சிற்கோட்டால் பிரித்த ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிப் படமாக எடுத்து, கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தால் வரி முழுவதும் திரைக்குள் அடங்கும்.

இருகுவியக் கண்ணாடி அணிவோர் ஒன்றைக் கவனிக்க. அருகே பார்ப்பதற்கான பகுதி கண்ணாடியின் கீழ்ப்புறத்தில் மட்டுமே உள்ளது. பக்கத்தின் அடிவரிகளுக்கு வரும்போது தலை தாழ்ந்து, கண் மேற்பகுதி வழியாகப் பார்க்கத் தொடங்கிவிடும். எழுத்து மங்கி, வரி தவறும். தலையை அசைக்காமல் தாளை மேலே உயர்த்திக்கொண்டே செல்லுங்கள்.

பக்கவாதத்திற்குப் பின் ஒரு பாதி மறைந்திருந்தால்

மூளையின் வலப்பக்கத்தில் பின்புறமாக ஏற்படும் பாதிப்பால், சிலருக்கு இரு கண்களிலும் பார்வைப்புலத்தின் இடப்பாதி மறைந்துவிடுகிறது. இடக்கண் மட்டும் கெட்டுவிட்டதாகவே அவர்கள் பெரும்பாலும் எண்ணுவார்கள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலும், மற்றதை மூடிப் பார்த்தாலும் இடப்புறம் குறைவதைக் கொண்டு உண்மையை அறியலாம். இவர்கள் வரியின் தொடக்கத்தை இழக்கிறார்கள். மாதிரியின் நான்காம் வரியை “சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அரைமணி கழித்து” என்றே படிப்பார்கள். “உட்கொள்ளக் கூடாது” என்னும் இரு சொற்களும் அவர்களுக்கு இல்லாதவையே. ஏழாம் வரியில் “கூடாது” போய்விடும். மேலே கூறிய கறுப்பு அட்டை இவர்களுக்கு உதவாது, துளையின் இடப்புறமும் கண்ணுக்குத் தெரியாமல் போவதால்.

இவர்களுக்காகத் தாளின் இடப்புற ஓரத்தில், எழுத்து தொடங்குவதற்கு முன், மேலிருந்து கீழ்வரை தடித்த சிவப்புக்கோடு ஒன்று இழுங்கள். அக்கோட்டிற்கு வெளியே ஒவ்வொரு வரிக்கும் எண் எழுதுங்கள். சிவப்புக்கோடு கண்ணில் படும்வரை இடப்புறம் தேடிச் செல்ல வேண்டும். கோட்டைக் கண்ட பின் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். அதன் பின்னரே வரியைப் படிக்கலாம். அருகில் இருப்பவர் எண்களை மட்டும் செவிமடுத்தால் போதும். ஆறுக்குப் பின் எட்டு வந்தால் வரி விடுபட்டது; எண்ணே வராவிட்டால் வரியின் தொடக்கம் விடுபட்டது. இடப்புறத்தைக் கவனிக்கும் ஆற்றலே குன்றியவர்கள் சிலர் உண்டு. தேடவேண்டும் என்ற நினைவே அவர்களுக்கு எழாது. ஒவ்வொரு வரிக்கும் “கோட்டைப் பாருங்கள்” என்று நினைவூட்ட வேண்டும். அதில் சலிப்புக் காட்டினால் அவர்கள் படிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அவர்கள் உட்கொள்ளும் மருந்துகளின் தாளை அவர்கள் மட்டுமே படித்ததாக விட்டுவிடக் கூடாது.

வலப்பாதி மறைந்தவர்களுக்குச் சிவப்புக்கோட்டை வலப்புற ஓரத்தில் இடுங்கள். அவர்கள் கோட்டைத் தொடும்வரை வரி முடியவில்லை என்று கொள்ள வேண்டும்.

இதுவரை நன்றாகப் படித்துவந்த ஒருவருக்குத் திடீரென்று வரியின் ஒரு பக்கம் மறைந்தால், அதைக் கண்ணாடி மாற்றும் விஷயமாகக் கருதிக் காத்திருக்க வேண்டா. அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும். உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

சரியாகப் படித்தோமா என்று அறிதல்

விடுபட்ட வரி தன்னைத் தானே காட்டிக்கொடுக்காது என்று மேலே கண்டோம். மீண்டும் ஒருமுறை படித்தாலும் பயன் குறைவே. முதல்முறை படித்த பொருள் மனத்தில் பதிந்துவிடுவதால், இரண்டாம் முறையும் கண் அதே இடத்தில் தாவுகிறது. எனவே வேறு வகையில் சோதிக்க வேண்டும்.

எளிய வழி, முற்றுப்புள்ளிகளையும் “கூடாது”, “வேண்டா” என்னும் சொற்களையும் எண்ணுவது. ஒருவர் தாளைப் பார்த்து, படிக்காமல் எண்ணட்டும். மாதிரியில் முற்றுப்புள்ளிகள் பத்து. “கூடாது” மூன்று, “வேண்டா” ஒன்று. பிறகு மற்றவர் உரக்கப் படிக்க, கேட்பவர் ஒவ்வொரு மறுப்புச் சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். மூன்று விரல்களே மடங்கினால் எங்கோ ஒரு தடை காணாமற்போயிற்று. அந்தப் பேரன் செய்த பிழை இச்சோதனையில் அப்போதே அகப்பட்டிருக்கும்.

இன்னொரு வழி, இரண்டாம் முறை படிப்பவர் கடைசிப் பகுதியிலிருந்து மேல்நோக்கி வருவது. ஆறாம் பகுதி, பிறகு ஐந்தாம் பகுதி, பிறகு நான்காம் பகுதி என்று. பகுதிகள் வாக்கியத்தின் இறுதியில் வெட்டப்பட்டிருப்பதால், எந்தப் பகுதியை முதலில் படித்தாலும் அதன் பொருள் முழுமையாகவே கிடைக்கும். முதல்முறை படித்த ஓட்டம் குலைந்துவிடுவதால், மனம் ஊகிப்பதைக் கண் அப்படியே ஏற்பதும் குறையும்.

மருந்துப் பட்டியல் கட்டங்களாக அச்சிடப்பட்டிருந்தால் படிக்கட்டுக்கோடு வேண்டா. அங்கே ஒவ்வொரு மருந்தும் ஒரு குறுக்குவரிசை. மருந்தின் பெயர் இடக்கோடியிலும் வேளை வலக்கோடியிலும் இருப்பதால், ஒரு மருந்தின் பெயருக்கு அடுத்த மருந்தின் வேளையைப் படித்துவிடும் ஆபத்தே மிகுதி. அளவுகோலை வரிசைக்கு அடியில் வைத்து, மூன்று வரிசைக்கு ஒருமுறை பென்சிற்கோடு இழுத்தால் போதும். காலை வேளை மாத்திரைகள் எத்தனை என்று தாளில் கட்டம் கட்டமாக எண்ணி, மாத்திரைப் பெட்டியின் காலைக் குழியில் இருப்பவற்றோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை பொருந்தாவிட்டால், மாத்திரைகளைக் கொடுப்பதற்கு முன் தாளோடும் பெட்டியோடும் மருந்தகத்திற்கு வாருங்கள். தாளின் கைப்பேசிப் படம் மட்டும் போதாது. எந்த மாத்திரை எந்த வரிசையிலிருந்து வந்தது என்பதை அட்டையோடு ஒப்பிட்டுத்தான் எங்களால் கூற முடியும்.